ஹட்டனிலிருந்து ஓடர் போட்டால் பிந்திவிடுமா?

கேள்வி: சேர், நான் ஹட்டனுக்குப் பக்கத்தில் ஒரு பாடசாலையில் படிப்பிக்கிறேன். கொழும்பு பங்குச் சந்தையில் சிறிய அளவில் வாங்கி விற்கிறேன். ஒரு பங்கை ஒரு கிழமையிலிருந்து மூன்று கிழமை வரை வைத்திருப்பேன். போனில்தான் ஓடர் போடுவது. ஸ்பீட் டெஸ்டில் பிங் 40 என்று காட்டுகிறது. தம்பியின் கூட்டாளி ஒருவர், “பெரிய கம்பனிகள் மைக்ரோ செக்கனில் வாங்குகிறார்கள், மலையிலிருந்து போடும் ஓடர் எப்போதும் பிந்தித்தான் போகும்” என்கிறார். கொழும்பில் ஒரு கோ-லொகேஷன் சேர்வரை மாதம் 9,000 ரூபாவுக்கு எடுத்துத் தருவதாகவும் சொல்கிறார். எடுக்கலாமா?
— ஹட்டன் வாசகி

பதில்: எடுக்க வேண்டாம், டீச்சர். அந்தக் கூட்டாளி சொன்னதில் முதல் பாதி உண்மை. மைக்ரோ செக்கனுக்காகக் கோடிக்கணக்கில் கொட்டும் கம்பனிகள் இருக்கின்றன. ஆனால் அவர்கள் ஓடும் ஓட்டத்தில் நீங்கள் இல்லை. இது விளங்க, அவர்கள் எதற்காக ஓடுகிறார்கள் என்று முதலில் பார்ப்போம்.

ஒரு செக்கனைப் பத்து இலட்சம் துண்டாக்கினால் ஒரு துண்டுதான் மைக்ரோ செக்கன். உங்கள் போன் காட்டிய 40 மில்லி செக்கன் என்பது 40,000 மைக்ரோ செக்கன். கேட்கப் பயமாக இருக்கும். இருக்கட்டும்.

அமெரிக்காவில் எஸ் அண்ட் பி 500 என்ற பங்குச் சுட்டெண்ணின் ஃபியூச்சர்ஸ், அதாவது பின்னொரு நாளுக்கு இன்றே விலை பேசி வைக்கும் ஒப்பந்தம், சிக்காகோவுக்கு அருகே அரோரா என்ற ஊரிலுள்ள டேட்டா சென்டரில் கைமாறுகிறது. அதே சுட்டெண்ணைப் பின்பற்றும் SPY என்ற நிதியம் நியூ ஜெர்சியில் உள்ள டேட்டா சென்டர்களில் கைமாறுகிறது. இரண்டும் ஒரே சரக்கு மாதிரித்தான், ஒன்று ஏறினால் மற்றதும் ஏற வேண்டும். ஆனால் இடையில் ஏறத்தாழ 1,200 கிலோமீற்றர் இருக்கிறது. அரோராவில் விலை துள்ளிய செய்தி நியூ ஜெர்சிக்குப் போய்ச் சேரும்வரை அங்கே பழைய விலைதான் தொங்கிக்கொண்டிருக்கும்.

இப்போது ஒரு கணக்குப் போடுவோம். நியூ ஜெர்சியில் ஒரு மார்க்கெட் மேக்கர், அதாவது வாங்குவதற்கும் விற்பதற்கும் எப்போதும் விலை சொல்லிக்கொண்டிருப்பவர், 10,000 SPY-ஐ 500.00 டொலருக்கு விற்கத் தயார் என்று ஓடர் வைத்திருக்கிறார். அரோராவில் ஃபியூச்சர்ஸ் திடீரென்று ஏறுகிறது. அந்தக் கணக்குப்படி SPY-இன் சரியான விலை இனி 500.05. இதை அறிந்த வேறு கம்பனி அந்த 10,000-ஐயும் பழைய விலைக்கே அள்ள ஓடுகிறது. மார்க்கெட் மேக்கரும் தன் ஓடரை ரத்துச் செய்ய ஓடுகிறார். அள்ளுபவரின் செய்தி முதலில் போனால் அவருக்குச் செலவு போக 500 டொலர் வரை. ரத்துச் செய்தி முதலில் போனால் அவருக்கு ஒன்றுமில்லை. அள்ள ஓடியவர்கள் பத்துப் பேர் என்றால் ஒருவருக்கு எல்லாம், ஒன்பது பேருக்குப் பூச்சியம்.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். ஒரு மைக்ரோ செக்கன் பிந்தினவருக்கு ஒரு மைக்ரோ செக்கன் அளவு இலாபம் குறைவதில்லை, முழுதும் போய்விடுகிறது. 2022 இல் மண்ணெண்ணெய் வரிசையில் நின்றவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை: டாங்கி காலியாகும் இடத்துக்கு ஓர் ஆள் முன்னால் நின்றவர் கானை நிரப்பிக்கொண்டு போவார், அடுத்தவர் வெறுங்கானோடு போவார். இருவரும் எத்தனை மணிக்கு வந்தார்கள் என்பதை யாரும் கேட்பதில்லை. பரிசு இருப்பது வரிசையில் எத்தனையாவது என்பதற்கு மட்டும்.

அதனால்தான் இந்த ஓட்டம் முடிவதே இல்லை. எல்லாரும் இரண்டு மடங்கு வேகமானாலும் முதல் ஆள் ஒருவர்தான். எரிக் புடிஷ் என்ற பொருளியலாளரும் இரு சகாக்களும் 2015 இல் வெளியிட்ட ஆய்வில் இதே ஃபியூச்சர்ஸ்–SPY ஜோடியை எடுத்து அளந்தார்கள். 2005 இல் இப்படியான ஒரு வாய்ப்பு நடுத்தரமாக 97 மில்லி செக்கன் உயிரோடு இருந்தது. 2011 இல் 7 மில்லி செக்கன். ஆனால் ஒரு வாய்ப்பில் கிடைக்கும் இலாபம் ஏறத்தாழ அப்படியேதான் இருந்தது. வேகம் கூடியதில் வாய்ப்பு அழியவில்லை, அதைப் பிடிக்கத் தேவையான வேகந்தான் கூடியது.

2010 இல் ஸ்பிரெட் நெட்வர்க்ஸ் என்ற கம்பனி சிக்காகோவிலிருந்து நியூ ஜெர்சிக்கு முடிந்தவரை நேராக ஒரு ஃபைபர் கேபிளைப் புதைத்தது. போய் வர 13 மில்லி செக்கன் சொச்சம். சில வருடங்களில் மைக்ரோவேவ் கோபுரங்கள் அதைத் தோற்கடித்தன. காரணம் சாதாரண பௌதிகம். கண்ணாடி இழைக்குள் ஒளி செக்கனுக்குச் சுமார் இரண்டு இலட்சம் கிலோமீற்றர்தான் போகும். காற்றில் போகும் அலை கிட்டத்தட்ட மூன்று இலட்சம். அதே தூரத்தைக் காற்று வழியே போய் வர எட்டரை மில்லி செக்கன் அளவில் போதும். மழை கனத்தால் மைக்ரோவேவ் தடுமாறும் என்பது மலையில் இருக்கும் உங்களுக்குத் தெரிந்திருக்கும். அதனால் அந்தக் கம்பனிகள் ஃபைபரையும் வைத்துக்கொள்கின்றன.

சரி, கோ-லொகேஷன். ஊருக்கு ஊர் ஓடும் ஓட்டம் முடிந்த பிறகு கடைசி மீற்றர்கள் இருக்கின்றன அல்லவா, அதற்கான ஏற்பாடு இது. பங்குச் சந்தையின் ஓடர்களைப் பொருத்தும் கணினி எந்தக் கட்டடத்தில் இருக்கிறதோ, அதே கட்டடத்தில் கட்டணம் கட்டி உங்கள் சேர்வரை வைப்பது. ஃபைபரில் ஒரு கிலோமீற்றருக்கு 5 மைக்ரோ செக்கன். அப்படியென்றால் இருநூறு மீற்றர் தள்ளியிருந்தாலே ஒரு மைக்ரோ செக்கன் போச்சு. அதனால் பெரிய சந்தைகளில் பக்கத்து ராக்கில் இருப்பவருக்கும் மண்டபத்தின் கோடியில் இருப்பவருக்கும் ஒரே நீளக் கேபிள்தான் கொடுப்பார்கள். கிட்ட இருப்பவரின் கேபிள் சுருட்டிக் கிடக்கும்.

கேபிளைச் சமமாக்கினாலும் சண்டை ஓய்வதில்லை. இந்தியாவின் தேசிய பங்குச் சந்தையில் ஒரு காலத்தில் கோ-லொகேஷன் மண்டபத்துக்குள் விலைத் தரவு ஒவ்வோர் இணைப்புக்கும் ஒன்றன்பின் ஒன்றாகப் போனது. காலையில் யார் முதலில் லொக்-இன் செய்தாரோ அவருக்கு முதலில். அது அந்நாட்டுப் பங்குச் சந்தைகளைக் கண்காணிக்கும் செபியின் விசாரணை வரைக்கும் போய்ப் பெரிய விவகாரமானது. அந்த முறையை விட்டு, எல்லாருக்கும் ஒரே நேரத்தில் அனுப்பும் முறைக்கு அந்தச் சந்தை மாறிவிட்டது.

ஆகவே கொழும்பில் ஏதோ ஒரு டேட்டா சென்டரில் ஒரு வாடகைக் கணினியை எடுத்துத் தந்துவிட்டு அதைக் கோ-லொகேஷன் என்று சொன்னால், அது வெறும் வி.பி.எஸ். அதில் குற்றமில்லை, பல வேலைக்கு உதவும். ஆனால் பெயர் வேறு, விலை சொல்லும் காரணமும் வேறு. அவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: இந்தச் சேர்வரிலிருந்து ஓடர் நேரே சந்தைக்குப் போகுமா, தரகர் வழியாகப் போகுமா? தரகர் வழியாகத்தான் என்றால், நீங்கள் குறைப்பது தரகர் வாசல் வரையான தூரத்தை மட்டும். அங்கே உங்கள் கணக்கில் காசு இருக்கிறதா, விற்கும் பங்கு கையில் இருக்கிறதா என்று சரிபார்த்த பிறகுதான் ஓடர் சந்தைக்குப் போகிறது. அந்தப் பகுதி உங்கள் சேர்வர் எங்கே இருந்தாலும் மாறாது.

இன்னொன்றையும் அவர் யோசிக்கவில்லை. கொழும்பில் உள்ள சேர்வரை நீங்கள் இயக்கப் போவது ஹட்டனிலிருந்து. அதன் திரை உங்கள் போனுக்கு வர வேண்டும், நீங்கள் அழுத்துவது அங்கே போக வேண்டும். அதே 40 மில்லி செக்கன் பாதையில்தான் இரண்டும் போகும். வாங்குவதை நீங்கள் முடிவு செய்யாமல் அந்தச் சேர்வரிலேயே ஒரு நிரல் முடிவு செய்தால் மட்டுமே தூரம் குறையும். விலை மாறியதைக் கண்டு விரலை அசைக்கவே மனிதருக்கு 200 மில்லி செக்கனுக்கு மேல் வேண்டும்.

இப்போது உங்கள் பக்கம் வருவோம். 50 ரூபாப் பங்கில் 2,000 வாங்குகிறீர்கள், ஒரு இலட்சம் ரூபா. அந்தப் பங்கு ஒரு நாளில் சாதாரணமாக இரண்டு வீதம் அசையும் என்று வைப்போம், அதாவது 2,000 ரூபா. சந்தை 9.30 முதல் 2.30 வரை, ஐந்து மணித்தியாலம், 18,000 செக்கன். உங்கள் 40 மில்லி செக்கன் அதில் நாலரை இலட்சத்தில் ஒரு பங்கு. விலையின் அசைவு நேரத்தின் வர்க்கமூலத்தோடுதான் வளரும். நாலரை இலட்சத்தின் வர்க்கமூலம் ஏறத்தாழ 670. 2,000-ஐ 670-ஆல் பிரித்தால் மூன்று ரூபா. அந்த 40 மில்லி செக்கனில் உங்கள் ஒரு இலட்சத்துக்கு ஏற்படக்கூடிய வித்தியாசம் சராசரியாக அவ்வளவுதான். அதுவும் பாதி நேரம் உங்களுக்குச் சாதகமாக இருக்கும்.

இது மாதிரிக் கணக்குதான். நம் சந்தையில் பல பங்குகளில் மணிக்கணக்காக ஒரு வியாபாரமும் நடக்காது, பிறகு ஒரே துள்ளாகத் துள்ளும். ஆனால் அந்தத் துள்ளல் உங்கள் 40 மில்லி செக்கனுக்குள் வந்து விழும் வாய்ப்பு எவ்வளவு என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

அதே வியாபாரத்தில் கட்டணத்தைப் பாருங்கள். பத்துக் கோடி ரூபா வரையான வியாபாரத்துக்குத் தரகு, சந்தைக் கட்டணம், மத்திய வைப்பக முறைமை, ஆணைக்குழுவின் செஸ், பங்குப் பரிவர்த்தனை வரி எல்லாம் சேர்த்து 1.12 வீதம். வாங்கும்போது 1,120 ரூபா. 54 ரூபாவுக்கு விற்றால் 1,08,000-க்கு 1,209 ரூபா 60 சதம். நீங்கள் 8,000 ரூபா உழைத்ததாக நினைத்தாலும் கைக்கு வருவது 5,670 ரூபா 40 சதம். வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் இடைவெளி 20 சதமாக இருந்தால், விற்பவர் கேட்ட விலைக்கே நீங்கள் அவசரப்பட்டு வாங்கியதில் இன்னும் 400 ரூபா போகிறது. மூன்று ரூபாவைப் பிடிக்க மாதம் 9,000 ரூபா கட்டுவது பற்றி நான் வேறு என்ன சொல்ல.

“வேகமான கம்பனிகள் இருப்பதால் எனக்கு நட்டமில்லையா?” என்று அடுத்து கேட்பீர்கள். இருக்கிறது, கொஞ்சம். பழைய விலையில் மாட்டிக்கொள்ளும் மார்க்கெட் மேக்கர் அந்த நட்டத்தை ஈடுகட்ட வாங்கும்-விற்கும் இடைவெளியைச் சற்று அகலமாக வைப்பார். அதை எல்லாரும் சேர்ந்து கட்டுகிறோம். லண்டன் பங்குச் சந்தையின் செய்திப் பதிவுகளை வைத்து புடிஷும் பிரித்தானிய நிதிக் கட்டுப்பாட்டு அமைப்பின் ஆய்வாளர்களும் இதையும் அளந்தார்கள். பெரிய பங்குகளில் நிமிடத்துக்கு ஒரு ஓட்டப்போட்டி அளவில் நடக்கிறது, அவற்றில் அதிகம் காணப்படுவது 5 முதல் 10 மைக்ரோ செக்கனில் முடிகிற போட்டி. அதன் சுமையைச் சந்தை முழுவதன் மேலும் பரப்பினால் பத்தாயிரத்தில் அரைப் பங்கு. அதாவது ஒரு இலட்சம் ரூபாவுக்கு ஐந்து ரூபாவுக்கும் குறைவு. அத்தனை கம்பனிகள் மோதும் லண்டனிலேயே அவ்வளவுதான். கோடிக்கணக்கில் நாள்முழுதும் சுழற்றும் ஓய்வூதிய நிதியத்துக்கு அது கவலைப்பட வேண்டிய தொகை. உங்களுக்கு அது பஸ் காசுக்கும் காணாது.

உங்கள் 40-ஐப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், அது மலையின் குற்றமில்லை. கேபிள் வளைந்து நெளிந்து கொழும்புக்கு 150 கிலோமீற்றர் போகிறது என்றே வைத்துக்கொண்டாலும் போய் வர 1.5 மில்லி செக்கன்தான். மீதி எல்லாம் போனுக்கும் கோபுரத்துக்கும் இடையிலான 4ஜி, வீட்டு வைஃபை, வழியில் உள்ள கருவிகளில் காத்திருக்கும் நேரம். கொழும்பில் வெள்ளவத்தையில் இருந்து 4ஜியில் பார்த்தாலும் இதே மாதிரியான எண் வரலாம். அறிய ஆசையென்றால் விண்டோஸ் உள்ள வீட்டுக் கணினியில் கமாண்ட் ப்ராம்ப்டைத் திறந்து இதை ஓட்டுங்கள்:

```
tracert -d 8.8.8.8
```

முதல் வரி உங்கள் ரவுட்டர். அங்கேயே 20, 30 என்று ஏறி இறங்கினால் கோளாறு வீட்டு வைஃபையில். இரண்டாவது மூன்றாவது வரியில் திடீரென்று ஏறினால் அது இணைப்புக் கம்பனியின் பக்கம். கடைசி வரியைப் பார்த்துக் கவலைப்பட வேண்டாம், அது கூகுளின் சேர்வர், பங்குச் சந்தைக்குப் போகும் பாதையே இல்லை. ஸ்பீட் டெஸ்டும் அப்படித்தான்.

உங்கள் உண்மையான தாமதம் வேறு இடத்தில் இருக்கிறது, டீச்சர். சந்தை 9.30-க்குத் திறக்கும்போது நீங்கள் வகுப்பில் நிற்கிறீர்கள். பாடசாலை விடும்போது சந்தை முடிய ஒரு மணித்தியாலம்தான் மிச்சம். இது மில்லி செக்கன் இல்லை, நாலு மணித்தியாலம். இதற்குச் சேர்வர் வேண்டாம். முதல் நாள் இரவே விலையை முடிவு செய்து, காலை 9 மணிக்குப் பின் வரும் திறப்புக்கு முந்திய நேரத்தில் உங்கள் எல்லை விலையோடு ஓடரைப் போட்டுவிடுங்கள். அந்த நேரத்தில் சேரும் ஓடர்கள் திறக்கும்போது ஒரே விலையில் பொருத்தப்படும். ஒரே விலைக்குக் கேட்டவர்களில் முதலில் வந்தவருக்கு முதலிடம். 9.10-க்கு வைத்த உங்கள் ஓடரை, 9.30-க்குப் பிறகு அதே விலைக்கு வரும் எந்த மைக்ரோ செக்கன் இயந்திரமும் முந்த முடியாது. சந்தை விலைக்கு என்று ஓடர் போடாதீர்கள். மெல்லிய பங்கில் அது எந்த விலையில் போய் நிற்கும் என்று சொல்ல முடியாது.

நட்டத்தை நிறுத்தும் ஓடர் வைப்பதானால், அது எங்கே இருக்கிறது என்று தரகரிடம் கேளுங்கள். சந்தையின் கணினியிலா, தரகரின் சேர்வரிலா, உங்கள் போன் செயலியிலா? முதல் இரண்டிலும் உங்கள் இணைப்பு அறுந்தாலும் அது வேலை செய்யும். மூன்றாவதில், மின்சாரம் நின்று ரவுட்டர் அணைந்தால் அதுவும் சேர்ந்து அணையும். மலைநாட்டில் இதுதான் அடிக்கடி நடக்கிற ஆபத்து. ரவுட்டருக்கு ஒரு சின்ன பற்றரி, வேறு கம்பனியின் சிம் ஒன்று, தரகர் நிறுவனத்தில் ஓடர் எடுப்பவரின் தொலைபேசி இலக்கம், இந்த மூன்றும் இருந்தால் போதும். பற்றரிக்கு ஒரு தடவைதான் செலவு.

கடைசியாக, இதைத் தம்பியிடமும் சொல்லிவிடுங்கள். இன்னொருவர் எடுத்துத் தரும் சேர்வரில் உங்கள் தரகர் கணக்கின் கடவுச்சொல்லை அடிக்காதீர்கள். அந்தக் கணினியின் நிர்வாகி அவர்தான். ஏற்கெனவே அடித்துப் பார்த்திருந்தால், இன்றே உங்கள் சொந்தப் போனிலிருந்து அதை மாற்றிவிட்டு, தரகரிடம் கேட்டு அண்மைய லொக்-இன்களின் பட்டியலை எடுத்துப் பாருங்கள்.